ஆவன அர்ஜுனன் எழுதிய பரிகாரம்

கீழ்பென்னாத்தூர் அர்ஜுனனுக்கு அவருடைய அப்பா வைத்த பெயர் வெறும் அர்ஜுனன்தான். முன்னால் இருக்கிற 'ஆவன' ஜனங்கள் சேர்த்தது. எண்பத்தொன்பதில் ஜில்லாவை இரண்டாகப் பிரித்துத் திருவண்ணாமலைக்கு ஒரு கலெக்டரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்களே, அந்த வருஷமே அவரும் ஒரு மடக்கு நாற்காலியும் அட்டைப் பலகையுமாகக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். அதுவரைக்கும் ஒரு மனு கொடுக்க வேண்டுமானால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வேலூருக்குப் போக வேண்டும். இப்போது கலெக்டரே பக்கத்தில் வந்துவிட்டாரா, ஜனங்களுக்குக் குறைகளும் ஜாஸ்தியாகிவிட்டன. திங்கட்கிழமை குறைதீர் நாளில் அர்ஜுனனுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது.

மனு எழுதுவதில் மனுஷன் கெட்டிக்காரர்தான், அதை மறுக்க முடியாது. கிணறு வற்றியதை அவர் எழுதினால் படிக்கிறவனுக்கு நாக்கு வறளும். முதியோர் பென்ஷன் மனுவில் முதல் பத்தியிலேயே கிழவி அழ ஆரம்பித்துவிடுவாள், மூன்றாவது பத்தியில் தாலுகா ஆபீஸே அழும். எல்லாம் எழுதி முடித்துக் கடைசியில், யாருக்கு எழுதினாலும் எதற்கு எழுதினாலும், ஒரே வரி: "ஆகவே சமூகம் ஐயா அவர்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." பட்டாவுக்கும் அதுதான், பஸ் நிற்கவில்லை என்பதற்கும் அதுதான், பக்கத்து வீட்டுக்காரன் கழிவுநீர் விடுகிறான் என்பதற்கும் அதுதான். என்ன ஆவன, எவ்வளவு ஆவன, யார் செய்ய வேண்டிய ஆவன என்று அவரை ஒருத்தரும் கேட்டதில்லை. பெரியவர்களிடம் போய் இதைச் செய், அதைச் செய் என்று சொல்வது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி.

அந்த மரியாதைக்கு ஆபத்து வந்தது இரண்டாயிரத்து ஒன்றில், பச்சையம்மாளின் இட்லி வடிவில்.

பச்சையம்மாள் அடி அண்ணாமலைக்காரி. மலை சுற்றுகிற பாதையில் கீற்றுப் பந்தல் போட்டு இட்லிக் கடை வைத்திருந்தாள். புருஷன் இறந்த பிறகு ஆரம்பித்த கடை. வேறு ஆள் கிடையாது, மாவு அரைப்பதும் இட்லி ஊற்றுவதும் காசு வாங்குவதும் அவளேதான். மற்ற நாட்களில் உள்ளூர் வியாபாரம். பௌர்ணமி வந்தால் நடந்து நடந்து கால் ஓய்ந்த கூட்டம் வந்து மொய்க்கும். கையால் ஆட்டி மாளாமல், நகைச்சீட்டுப் பணத்தை எடுத்து, டவுனில் ஒரு பாத்திரக் கடையில் சாய்த்து ஊற்றுகிற பெரிய கிரைண்டர் ஒன்று வாங்கினாள். பத்தாயிரத்துக்கு இருநூறு கம்மி. கோயம்புத்தூர்க் கம்பெனிச் சரக்கு, ஒரு வருஷம் வாரண்டி.

வாங்கின மாதத்திலிருந்தே மாவில் நறநறவென்று கல். புதுக் கல் அப்படித்தான் இருக்கும், உமியும் பழைய அரிசியும் போட்டு நாலு தடவை ஓட்டு என்றார் கடை முதலாளி. ஓட்டினாள். போகவில்லை. கம்பெனி மெக்கானிக் காசி வந்து கல்லைக் கொத்திக் கொடுத்தான். இன்னும் ஜாஸ்தியாகக் கொட்டியது. இரண்டாம் முறையும் வந்து கொத்தினான், கல்லே சரியில்லை என்று முணுமுணுத்தான், சர்வீஸ் சீட்டிலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டான். கடை முதலாளி கம்பெனியைக் கேள் என்றார். கம்பெனிக்குப் போன் போட்டால் கடையைக் கேள் என்றார்கள்.

சித்ரா பௌர்ணமி அன்றைக்குத்தான் விஷயம் முற்றியது. அதற்குள் தேறியிருக்கும் என்று நம்பி ஒரு அண்டா மாவை அந்தக் கிரைண்டரிலேயே அரைத்துவிட்டாள். வந்தவர்களில் ஒருத்தர் இட்லியைக் கடித்து, தாடையைப் பிடித்துக்கொண்டு, இலையோடு தூக்கி எறிந்து, "எடைக்குக் கல்லு போட்டு விக்கிறியா? மலைய சுத்தி வர்றவங்க வயித்துலயா அடிப்ப?" என்று கத்தினார். வரிசையில் நின்ற கூட்டம் அப்படியே பக்கத்துக் கடைக்கு நகர்ந்தது. அவள் அண்டாவைச் சாய்த்து மாவை மாட்டுத் தொட்டியில் ஊற்றினாள். மறுநாளிலிருந்து சின்னப் பையன்களெல்லாம் 'கல்லிட்லிக் கடை' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பாதையில் கடை வைத்திருப்பவளுக்குப் பேர் போனால் கடை போனது மாதிரிதான்.

அவள் நேராக அர்ஜுனனிடம் வந்தாள். "அண்ணா, இதுக்குன்னு தனியா ஒரு கோர்ட்டு இருக்குதாமே?"

இருந்தது. மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றம். பேரில் குறைதீர் என்று இருந்ததா, அர்ஜுனன் அந்த இடத்திலேயே கவிழ்ந்தார். அதுவும் குறைதீர், இதுவும் குறைதீர், திங்கட்கிழமைக்குப் பதில் வேறு கிழமை, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டு முழுநீளத் தாளில் ஒன்பது பக்கம் எழுதினார். என்ன எழுத்து! புருஷன் செத்தது ஒரு பக்கம், நகைச்சீட்டு ஒரு பக்கம், மாட்டுத் தொட்டியில் மாவு ஊற்றினது ஒன்றரைப் பக்கம். பச்சையம்மாள் படிக்கக் கேட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கடைசி வரி: "மேற்படி நபர்களை அழைத்து விசாரித்து, தக்க நஷ்ட ஈடு வாங்கிக் கொடுத்து ஆவன செய்யுமாறு."

மன்றத்து ஆபீசில் இருந்த அம்மா ஒன்பது பக்கத்தையும் புரட்டிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் நின்றார். மேலே ஒரு சீட்டுக் குத்தித் திருப்பிக் கொடுத்தார். கோரும் பரிகாரம் திட்டவட்டமாகக் குறிப்பிடப்படவில்லை, சரிசெய்து மீண்டும் தாக்கல் செய்க என்று அதில் இருந்தது.

பன்னிரண்டு வருஷத்தில் அர்ஜுனன் எழுதின மனு எதுவும் வாசலிலேயே திரும்பியதில்லை. பதில் வராமல் போயிருக்கும், அது வேறு கதை. முகம் செத்துப்போய்விட்டது. "எல்லாம் எழுதியிருக்கேன்மா, தக்க நஷ்ட ஈடுன்னு போட்டிருக்கேனே" என்றார்.

"தக்கதுன்னா எவ்வளவுங்க? அதை யாரு குடுக்கணும்? நீங்க சொன்னாத்தானே எதிர்ல இருக்கறவங்க பதில் சொல்ல முடியும்? இது விண்ணப்பம் இல்லீங்க, வழக்கு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

காலேஜில் காமர்ஸ் வாத்தியார் விமல்ராஜ் என்று ஒருத்தர், நுகர்வோர் சங்கம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். முப்பது வயசு, பேச்சில் சிக்கனம். பச்சையம்மாளுக்காக மன்றத்தில் ஆஜராகிறேன் என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார். கடைக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி வைத்ததும் அவர்தான். திரும்பி வந்த மனுவை இருவரும் அவரிடம் கொண்டுபோனார்கள். அதற்குள் அர்ஜுனன் ரோஷத்தில் கடைசிப் பக்கத்தை மாற்றி எழுதியிருந்தார்: புதுக் கிரைண்டர் தர வேண்டும், கிரைண்டர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், வியாபார நஷ்டம் ஐம்பதாயிரம், மன உளைச்சலுக்கு ஒரு லட்சம், மேலும் ஆவன செய்ய வேண்டும்.

விமல்ராஜ் சிவப்புப் பேனாவை எடுத்தார். முதல் இரண்டுக்கும் நடுவில் 'எது?' என்று எழுதினார். ஐம்பதாயிரத்துக்குப் பக்கத்தில் 'எப்படி?' ஒரு லட்சத்துக்குப் பக்கத்தில் 'ஏன்?' ஓரத்தில் பெரிதாக 'யார்? எப்போதுக்குள்?' ஆவனவை வட்டம் போட்டு அடித்தார். "ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி பதில், பதிலுக்கு ஒரு ஆதாரம். இருந்தா எழுதுங்க. இல்லன்னா அந்தப் பரிகாரத்தை விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குக் கிளம்பிவிட்டார்.

அடி அண்ணாமலைக்குத் திரும்பி வருகிறவரைக்கும் அர்ஜுனன் வாத்தியாரைத் திட்டிக்கொண்டே வந்தார். பந்தலில் பெஞ்சு மேல் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன். பச்சையம்மாள் டீயை எதிரில் வைத்தாள்.

"இன்னாண்ணா எழுதச் சொல்றாங்க?"

"பரிகாரம்."

"பரிகாரமா? எந்தக் கோயில்ல?"

அர்ஜுனனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கோயில் இல்லம்மா. கோர்ட்டுல நாம கேக்கறதுக்குப் பேரு பரிகாரம்."

"கோயிலோ கோர்ட்டோ, பரிகாரம்னா ஒண்ணுதாண்ணா. நம்ம ஜோசியர்கிட்ட போனா இன்னா சொல்றாரு? சனி புடிச்சிருக்குது, அதுக்கு சனிக்கிழமை எள்ளு வெளக்கு, இத்தினி வாரம். செவ்வாய்னா வேற. போய் ஆவன செய்யின்னு சொல்லுவாரா? இந்தப் பாதையில எட்டு லிங்கம் இருக்குது, எந்த லிங்கத்துகிட்ட எதக் கேக்கணும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். குபேர லிங்கத்துகிட்ட போய் யாரும் ஆயுசு கேக்கமாட்டாங்க."

அர்ஜுனன் டீயைக் கீழே வைத்தார். வாத்தியாரின் சிவப்புப் பேனாவில் ஏறாதது இதில் ஏறியது. எந்த தோஷத்துக்கு என்ன பரிகாரம். ஒரு தாளை நெட்டுக்கு மடித்து, இந்தப் பக்கம் தோஷம், அந்தப் பக்கம் பரிகாரம் என்று எழுதினார்.

"கல்லு கொட்டுது. அதுக்கு இன்னா வேணும்? புதுக் கிரைண்டரா, துட்டா? ரெண்டையும் கேக்க முடியாதாம்."

"அந்தக் கம்பெனி மிஷினு இன்னொண்ணு வேணவே வேணாம். துட்டுதான்."

பில் தொகை, வாங்கின தேதியிலிருந்து வட்டி, ஆதாரம் பில்லும் காசியின் இரண்டு சீட்டும். பணம் கைக்கு வந்ததும் கிரைண்டரைத் திருப்பிக் கொடுக்கத் தயார் என்று பச்சையம்மாளே சேர்க்கச் சொன்னாள். அடுத்தவன் பொருள் தனக்கு எதற்கு என்றாள்.

அடுத்தது வியாபார நஷ்டம். ஐம்பதாயிரம் எப்படி என்று காட்ட அவளிடம் ஒரு நோட்டுகூட இல்லை. கணக்கு எழுதுகிற பழக்கமே கிடையாது. "இத விட்டுடலாமா?" என்றார், மனசே இல்லாமல். அவள் யோசித்தாள். கிரைண்டர் இருந்தும் மாவு மில்லில் அல்லவா கூலி கொடுத்து அரைத்துக்கொண்டிருக்கிறாள்? மில்காரர் சுப்பிரமணி மாசாமாசம் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த கூலி, ஆணியில் குத்தித் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து விரித்தார்கள். அரவைக் கூலி இவ்வளவு, பணம் கட்டும் வரை மாசம் இவ்வளவு. மாட்டுத் தொட்டிக்குப் போன மாவுக்கு மளிகைக்கடை அரிசி உளுந்து பில் இருந்தது. கொட்டினதைப் பார்த்த சுப்பிரமணியும் இருந்தார். ஐம்பதாயிரம் அப்படியே கரைந்து மூவாயிரத்துச் சொச்சமாக நின்றது. அர்ஜுனன் ஐம்பதாயிரத்தை இரண்டு கோடு போட்டு அடித்தார். ஆனால் அந்த மூவாயிரத்தை அசைக்க யாராலும் முடியாது என்பதும் தெரிந்தது.

"மன உளைச்சல்?"

"அதுக்கு இன்னாண்ணா பில்லு காட்றது?"

நாலு தடவை டவுனுக்கு அலைந்தது, கடையும் கம்பெனியும் மாற்றி மாற்றித் தள்ளிவிட்டது, பௌர்ணமிக் கூட்டத்தில் பட்ட அவமானம் என்று காரணத்தை எழுதி ஐயாயிரம் போட்டார். யார் கொடுக்க வேண்டும் என்பதற்கு, கடையும் கம்பெனியும் கூட்டாகவும் தனித்தனியாகவும் என்று போட்டார். இனி ஒருத்தன் மேல் ஒருத்தன் சாட்ட முடியாது. உத்தரவு வந்து ஒரு மாதத்துக்குள் என்றும் போட்டார். வழக்குச் செலவு தனி.

பேனாவை மூடப் போனவரைப் பச்சையம்மாள் நிறுத்தினாள். "நெஜமா எனக்கு வேணும்ங்கறத இன்னும் எழுதலையே."

"இன்னா அது?"

"அந்த முதலாளி ஒரு பௌர்ணமிக்கு இங்க வரணும். இந்தப் பந்தல்ல நின்னு, கல்லு போட்டது நானு, இந்தம்மா இல்லன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லணும்." சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. "துட்டு போனா சம்பாரிச்சிக்குவேண்ணா."

அர்ஜுனன் அதைத் தனியாக ஒரு தாளில் குறித்துக்கொண்டார். மறுநாள் விமல்ராஜிடம் கேட்டார். அப்படி வந்து நிற்கச் சொல்லி உத்தரவு போடச் சட்டத்தில் இடமில்லை என்றார் அவர். "ஆனா குறை கல்லுலதான், உபயோகிச்ச முறையில இல்லன்னு மன்றம் தீர்மானிக்கணும்னு முதல் கோரிக்கையா கேளுங்க. மத்ததெல்லாம் அது மேலதான் நிக்கும்." அதைப் போட்டார்கள். கூடவே, கடை அவளே உழைத்துப் பிழைப்பதற்கானது என்று ஒரு வரியையும் விமல்ராஜ் மனுவில் சேர்த்தார். வியாபாரத்துக்கு வாங்கினவள் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு கிளப்பும் என்று அவருக்குத் தெரியும்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பழைய குணம் லேசில் போகுமா? கடைசி நேரத்தில், விமல்ராஜ் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், 'முறையீட்டாளரின் நற்பெயர் கெட்டதற்கு ரூபாய் பத்தாயிரம்' என்று ஒரு பரிகாரத்தைத் தன் பிடிவாதத்தில் நுழைத்துவிட்டார். பச்சையம்மாளின் குரல் உடைந்ததற்கு அவருக்குத் தெரிந்த மருந்து அதுதான்.

வழக்கு ஒரு வருஷத்துக்குக் கிட்ட இழுத்தது. எதிர்த்தரப்பு வக்கீல் எதிர்பார்த்தபடியே, வியாபாரத்துக்கு வாங்கினது என்றார். அவளே உழைத்துப் பிழைப்பதற்கு என்ற வரி அதைத் தடுத்தது. உமி போட்டு ஓட்டவில்லை, அவள் தவறுதான் என்றார். அவர்களுடைய ஆள் காசியே கையெழுத்துப் போட்ட சீட்டு அதைத் தடுத்தது. அர்ஜுனன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் மடக்கு நாற்காலியைப் பக்கத்துக் கடையில் போட்டுவிட்டு மன்றத்தில் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

உத்தரவு வந்த அன்று, அதன் நகலை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனார். பந்தலில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள் பச்சையம்மாள். இங்கிலீஷில் இருந்ததை விமல்ராஜ் வரிவரியாகத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார்.

"கிரைண்டர் பணம், வட்டியோட, திருப்பிக் குடுக்கணும். அரவைக் கூலி, கேட்டது கேட்டபடி. கொட்டின மாவு, கேட்டது கேட்டபடி. மன உளைச்சலுக்கு ஐயாயிரம் கேட்டோம், மூவாயிரம் போட்டிருக்காங்க. வழக்குச் செலவு ஆயிரம். ரெண்டு பேரும் சேர்ந்தோ தனியாவோ, ஒரு மாசத்துக்குள்ள." அத்தோடு அர்ஜுனன் குரல் இறங்கியது. "பேரு கெட்டதுக்குப் பத்தாயிரம் கேட்டேன் பாரு, அது இல்லன்னுட்டாங்கம்மா. ஆதாரம் இல்லியாம். வாத்தியாரு அப்பவே சொன்னாரு, நான்தான் கேக்கல."

"போவட்டும். மொதல்ல கேட்டோமே, அது?"

அதை அவர் படிக்க மறந்தே போயிருந்தார். தாளைத் திருப்பினார். "மாவில் கல் துகள் கலந்ததற்குக் காரணம் அரவைக் கல்லின் உற்பத்திக் குறையே. முறையீட்டாளர் மேல் எந்தத் தவறும் இல்லை என்று இம்மன்றம் தீர்மானிக்கிறது."

"இன்னொருவாட்டி படிண்ணா."

படித்தார்.

"சத்தமா."

பக்கத்துக் கடைக்காரி எட்டிப் பார்க்கிற அளவுக்குப் படித்தார். பச்சையம்மாள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த வரியை மட்டும் அர்ஜுனன் கையாலேயே ஒரு அட்டையில் பெரிதாக எழுதி வாங்கி, பந்தல் காலில் கட்டினாள். பணத்துக்கு முதலாளி மேலும் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். உத்தரவை நிறைவேற்றித் தரும்படி மன்றத்தில் மறுபடி மனுப் போட்டதும் கட்டிவிட்டார். வேறு கம்பெனி கிரைண்டர் வந்தது.

அர்ஜுனன் அதற்குப் பிறகும் அதே வாசலில்தான் உட்கார்ந்தார். ஆனால் மனு எழுத வந்தவர்களுக்கு ஒரு தொல்லை சேர்ந்துகொண்டது. "இன்னா வேணும்? எவ்வளவு? யாரு குடுக்கணும்? ஏன்?" என்று குடைவார். பதில் இல்லாவிட்டால் டீ குடித்துவிட்டு யோசித்து வா என்று அனுப்பிவிடுவார். ஆவன அர்ஜுனன் என்ற பேர் மட்டும் போகவே இல்லை.

புதுக் கிரைண்டர் வந்த முதல் பௌர்ணமிக்கு அவர் மலை சுற்றப் போனார். பந்தலில் கூட்டம் வந்திருந்தது. பழைய கூட்டத்தில் பாதி இருக்கும். அட்டையை ஒருத்தர் படித்துக்கொண்டிருந்தார். பச்சையம்மாள் இலையில் நாலு இட்லி வைத்துக் கொடுத்தாள். அவர் ஒரு விள்ளலைக் கிள்ளி, வாயில் போட்டு, பழைய கல் நினைப்பில் பல் படாமல் மெல்ல அழுத்திப் பார்த்தார்.

கரண்டியைக் கையில் பிடித்தபடி அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தைரியமா கடிண்ணா" என்றாள்.